காப்பிக்கொட்டைக் கிண்ணம் செய்யாத வேலை

பெர்ஃப்யூம் கடை மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் வறுத்த காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். நாலைந்து சென்ட்டை மோந்து பார்த்து, இனி எதுவும் புரியாது என்று முகம் சுளிக்கும் நேரம் பார்த்து விற்பனையாளர் அந்தக் கிண்ணத்தை நீட்டுவார். "இதை ஒரு தடவை மோந்துட்டு அடுத்ததைப் பாருங்க, மூக்கு சரியாயிடும்." மோந்து பார்ப்போம். அடுத்த சென்ட் உண்மையிலேயே கொஞ்சம் தெளிவாகத் தெரியும். கிண்ணத்தின் மேல் நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கையில் பாதி சரி, பாதி தப்பு. மூக்கு தேறுகிறது என்பது நிஜம். ஆனால் தேற்றியது காப்பி இல்லை. கிண்ணத்தை வாங்கி, குனிந்து, மூச்சிழுத்து, திருப்பிக் கொடுப்பதற்குள் போன அரை நிமிடம். இதைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. "எனக்குத் தெரியுதே" என்பார்கள். தெரிவது உண்மைதான், யார் மறுத்தது?

ஒரு வாசனை நம்மைவிட்டு எப்படி நழுவுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே சற்றுக் கீழே, ஒரு தபால்தலை அளவு இடத்தில்தான் வாசனையை உணரும் செல்கள் இருக்கின்றன. மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை உணர்விகள். ஒரு மூலக்கூறு தனக்குப் பொருந்திய உணர்வியில் போய் ஒட்டியதும் அந்தச் செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. சமிக்ஞையைக் கிளப்பும் அதே கால்சியமே சில நொடிகளில் அந்தச் செல்லின் உணர்திறனைக் குறைக்கவும் ஆரம்பிக்கிறது. தானே போட்ட சத்தத்துக்குத் தானே கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. இதற்கு மேல் மூளை வேறு. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் வாசனையைப் 'பழைய சேதி' என்று அது ஒதுக்கி வைத்துவிடும். நம் வீட்டுக்கென்று ஒரு வாசனை இருப்பது நமக்குத் தெரியாமல் விருந்தாளிக்குத் தெரிவது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அசந்து போவது மூக்கு முழுவதும் இல்லை என்பது. நீங்கள் எதை மோந்தீர்களோ அதற்கும், அதற்கு நெருங்கிய சொந்தங்களுக்கும்தான் உணர்வு மங்குகிறது. மூன்று ரோஜா சென்ட்டுக்குப் பிறகு நாலாவது ரோஜா வெறும் தண்ணீர் மாதிரித் தெரியும். அதே நிமிடத்தில் சந்தனத்தை நீட்டினால் பளிச்சென்று தெரியும். காப்பியும் பளிச்சென்று தெரிவது இதே காரணத்தால்தான். அது ரோஜா இல்லை, அவ்வளவுதான். அது தெளிவாகத் தெரிந்ததால் மூக்கு 'சுத்தமாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். மூக்கில் ஒட்டியிருந்த ரோஜாவைக் காப்பி துடைத்து எடுத்துவிடவில்லை. ரோஜாவுக்கான உணர்விகள் தங்கள் பாட்டுக்கு மீண்டுகொண்டிருக்கின்றன, காப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெலாய்ட் கல்லூரியில் அலெக்ஸிஸ் க்ரோசாஃப்ஸ்கியும் உடன் இருந்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்கள் முதலில் சில வாசனைகளை மோந்தார்கள். பிறகு சிலருக்குக் காப்பிக்கொட்டை, சிலருக்கு எலுமிச்சைத் துண்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லாத வெறும் காற்று. அதன் பின் நான்கு வாசனைகளைக் கொடுத்து, இதில் எது முன்பு மோந்து பார்க்காதது என்று கேட்டார்கள். காப்பி மோந்தவர்கள் வெறும் காற்றை மோந்தவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. சிறிய ஆய்வுதான், எல்லா வாசனைக்கும் இதுதான் கடைசிச் சொல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காப்பிக்கு ஏதோ தனிச் சக்தி இருக்கிறது என்று சொல்லுகிறவர்தான் இனி ஆதாரம் காட்ட வேண்டும்.

காப்பியால் உதவி இல்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. வறுத்த காப்பியில் ஆவியாகும் சேர்மங்கள் எண்ணூறுக்கு மேல். ஓய்வு கொடுக்க வேண்டிய நேரத்தில் மூக்குக்குப் புதிதாக ஒரு மூட்டை வேலையைக் கொடுக்கிறோம். அடுத்து நீங்கள் பார்க்கப் போவது கருகிய மரம், தோல், புகையிலை, சாக்லேட் பக்கம் சாய்கிற சென்ட் என்றால், காப்பியின் வறுவல் வாடை அதன் சொந்தக்காரர்களை மங்கலாக்கவும் கூடும். போதாததற்கு, நாள் முழுக்க சென்ட் அடிக்கும் மேசையில் அந்தக் கிண்ணம் திறந்தே கிடக்கிறது. மேலே மிதக்கும் துளியெல்லாம் எண்ணெய்ப் பசையுள்ள கொட்டையில் போய்ப் படியும். கடை திறந்ததும் ஒரு தடவையும் மூடப்போகும் நேரத்தில் ஒரு தடவையும் அதே கிண்ணத்தை மோந்து பாருங்கள். மாலையில் இருப்பது காப்பி மணமா, கடையில் உள்ள எல்லா சென்ட்டும் கலந்த கதம்பமா என்று நீங்களே சொல்வீர்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் செய்வது இதைவிட எளியது: சென்ட் படாத தன் முழங்கை மடிப்பையோ சட்டைக் கையையோ இரண்டு மூச்சு மோந்து பார்ப்பார்கள். நம் உடம்பின் வாசனைக்கு நாம் ஏற்கெனவே பழகிப் போயிருக்கிறோம்; அது புதிதாக எந்த வேலையும் கொடுக்காது. அதைவிட நல்லது கடைக்கு வெளியே போய் நிற்பது. அதைவிடவும் நல்லது ஒன்று உண்டு, அதற்கு முன் காகிதப் பட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பட்டையைக் கையாளுவது

கடையில் கொடுக்கும் அந்த நீளக் காகிதத்தை பிளாட்டர் என்பார்கள், ஸ்ட்ரிப் என்பார்கள், சும்மா 'அட்டை' என்றும் சொல்வார்கள். நல்ல பட்டை வழவழப்புப் பூச்சு இல்லாத, உறிஞ்சும் தடித்த காகிதம். பளபளவென்று கம்பெனிப் பெயர் அச்சடித்த அட்டையில் சென்ட் உள்ளே இறங்காமல் மேலேயே முத்து முத்தாக நிற்கும், ஆவியாகும் வேகமும் மாறிவிடும். அச்சு மையின் வாசனை வேறு கூட வரும். சென்ட் அடிக்கும் முன் வெறும் பட்டையை ஒரு தடவை மோந்து பாருங்கள். பெட்டியில் மற்ற பட்டைகளோடு கிடந்து அது முன்பே ஏதாவது வாசனையை வாங்கியிருக்கும். வாங்கியிருந்தால் அடியிலிருந்து வேறொன்றை உருவிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை பெயர் எழுதுவது. சென்ட் அடித்த பிறகு எழுதலாம் என்று நினைப்பவர்தான் இருபது நிமிடம் கழித்துக் கையில் ஆறு ஊமைப் பட்டைகளோடு நிற்பார். கைப்பிடிக்கும் முனையில் பெயரையும், அடித்த நேரத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மைக்கு வாசனை உண்டு. மறுமுனையில் ஒரு விரற்கடை அளவுக்கு மடித்துவிடுங்கள். அந்த மடிப்பில் சென்ட் அடித்தால், பட்டையை மேசையில் வைக்கும்போது ஈரமான பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும், மேசையில் படாது. மேசையில் படுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். முந்தின ஆள் அடித்த ஊத் என்னும் அகில் வாசனை உங்கள் எலுமிச்சையில் ஏறிக்கொள்ளும், பழி எலுமிச்சைமேல் விழும்.

டெஸ்டர் பாட்டிலை எடுத்ததும் நேராகப் பட்டையில் அடிக்காதீர்கள். உள்ளே இறங்கியிருக்கும் குழாயிலும் பம்பிலும் தங்கிய கொஞ்சம் திரவம் நாள்கணக்கில் காற்றுப் பட்டுப் பழையதாகியிருக்கும். முதல் அழுத்தலைத் தனியாக ஒரு டிஷ்யூவில் விட்டுவிட்டு, இரண்டாவதைப் பட்டையில் அடியுங்கள். ஒரு சாண் தள்ளி வைத்து ஒரே அழுத்தல் போதும், சுமார் 0.1 மில்லி வரும், அதற்கு மேல் பட்டைக்குத் தேவையில்லை. மூடியை மோந்து பார்ப்பதும், பாட்டில் வாயில் மூக்கை வைப்பதும் வீண். அங்கே இருப்பது பல நாளாகக் காய்ந்து ஒட்டிய அடித்தட்டு, அதாவது கடைசிவரை தங்கும் கனமான பொருள்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி முதலில் பறந்துவிடும் பொருள்கள் அதில் இருக்காது.

அடித்ததும் மோந்தால் மூக்கில் சுரீரென்று ஏறும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை விளக்க ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நமக்கு 'நெடி' என்ற ஒரு சொல்லே இருக்கிறது. மணம் வேறு, நெடி வேறு என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது உடற்கூறுப்படியும் சரி. மணத்தை எடுத்துப் போவது முகர்வு நரம்பு. மிளகாய் வற்றல் கருகும்போதும் ஆல்கஹால் ஏறும்போதும் எரிச்சலை எடுத்துப் போவது முகத்துக்கான முப்பிரிவு நரம்பு. சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அது போவதற்கு முன் மோந்தால் நெடி மணத்தை அமுக்கிவிடும், கண்ணில் நீர் கோக்கும், அடுத்த இரண்டு பட்டைக்கும் மூக்கு ஒத்துழைக்காது. பட்டையை அடித்த பிறகு காற்றில் மெதுவாக ஆட்டிக்கொண்டு குறைந்தது பத்துப் பதினைந்து நொடி, முடிந்தால் அரை நிமிடம் விடுங்கள். அதன் பிறகு மூக்கிலிருந்து ஒரு விரல் தூரத்தில் பிடித்து, சாதாரணமாக ஒரு மூச்சு. பட்டை மூக்கில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மேலுதட்டின் மேல் அந்த சென்ட் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பார்க்கும் எல்லாவற்றிலும் அதுவே வரும். இது நடந்துவிட்டதா என்று தெரிய, வெறும் பட்டையை மோந்து பாருங்கள். வெறும் பட்டையிலும் அதே மணம் வந்தால் மணம் இருப்பது உங்கள் முகத்தில்.

எத்தனை மூச்சு என்பதிலும் ஒரு பேராசை இருக்கிறது. நன்றாக மோந்தால் நன்றாகத் தெரியும் என்று கண்ணை மூடி, நுரையீரல் நிறைய ஐந்தாறு தடவை இழுப்பார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லெய்ங் 1980-களில் மக்கள் மோந்து பார்க்கும் முறையையே அளந்து பார்த்தார். அவரவர் இயல்பாக இழுக்கும் ஒரு மூச்சே கிட்டத்தட்ட எல்லாத் தகவலையும் கொடுத்துவிடுகிறது; கூடுதல் மூச்சுகளால் பெரிய லாபம் இல்லை. நட்டம்தான் உண்டு. செல்களில் கால்சியம் கதவைச் சாத்துவது நேரத்தைப் பொறுத்தது. இரண்டு நொடி மோந்தால் மீள்வதும் சீக்கிரம். அரை நிமிடம் மூக்கிலேயே வைத்திருந்தால் மீள நிமிடக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு மூச்சு, பட்டையைக் கீழே இறக்கு, மனதில் வந்த முதல் சொல்லை எழுது. இரண்டாவது மூச்சு வேண்டுமென்றால் அரை நிமிடம் கழித்து.

இரண்டு காத்திருப்பும் ஒன்றே

மூக்குக்கு இடைவெளி வேண்டும் என்பது ஒன்று. பட்டைக்கும் இடைவெளி வேண்டும் என்பது மற்றொன்று. எலுமிச்சை, பெர்கமட் மாதிரி மேல்தட்டில் இருக்கும் லேசான மூலக்கூறுகள் முதல் கால் மணிக்குள் பெரும்பாலும் போய்விடும். பிறகுதான் பூக்களும் மசாலாக்களும் மேலே வரும். அவை இரண்டு மூன்று மணிநேரம் நிற்கும். மரம், பிசின், கஸ்தூரி வகைகள் அடியில் தங்கி மறுநாளும் பட்டையில் இருக்கும். அடித்த இரண்டாவது நிமிடத்தில் முடிவெடுப்பவர், சட்டையில் கால் மணி மட்டுமே இருக்கப்போகிற ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். கடைக்காரருக்கும் அது தெரியும். முதல் கால் மணிக்குத்தான் நிறைய சென்ட்டுகளில் மெனக்கெட்டிருப்பார்கள்.

இந்த இரண்டு காத்திருப்பையும் தனித்தனியாக எண்ணுவதால்தான் கடையில் நேரம் போதவில்லை என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடக்கூடியவை. பட்டையில் எலுமிச்சை பறந்துகொண்டிருக்கும் அந்தக் கால் மணியிலேயே மூக்கும் தேறிக்கொண்டிருக்கலாம், நீங்கள் வெளியே நின்றால் போதும். காப்பிக் கிண்ணம் இந்த இடத்தில்தான் உண்மையில் கெடுதல் செய்கிறது. இன்னும் ஒன்று பார்க்கலாம், இன்னும் ஒன்று என்று கடைக்குள்ளேயே நிற்க வைக்கிறது. அரை நிமிட ஓய்வைக் கொடுத்து, தேவையான கால் மணியைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆறு சென்ட்டிலிருந்து ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எலுமிச்சைக் கொலோன், ஓர் ஆரஞ்சுப் பூ, ஒரு ரோஜா, ஒரு வெட்டிவேர், ஒரு வனிலா கலந்த அம்பர், ஒரு வெள்ளைக் கஸ்தூரி. லேசானதிலிருந்து கனமானதுக்குப் போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கனமான அம்பருக்குப் பிறகு கொலோன் வெளிறித் தெரியும் என்பதால் அது சரிதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: சொந்தக்காரர்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. ஆரஞ்சுப் பூவையும் ரோஜாவையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் இரண்டாவது நிச்சயம் தோற்கும். ஆகவே முதல் சுற்றில் கொலோன், ரோஜா, வெட்டிவேர். இரண்டாம் சுற்றில் ஆரஞ்சுப் பூ, கஸ்தூரி, அம்பர்.

கடை திறந்த சூட்டோடு போனால் காற்றில் முந்தைய ஆட்களின் சென்ட் குறைவாக இருக்கும். 10 மணிக்கு மூன்று பட்டைகளிலும் அடிக்கிறீர்கள். அரை நிமிடம் கழித்துக் கொலோனில் ஒரு மூச்சு, ஒரு சொல். ஒரு நிமிடம் விட்டு ரோஜா. இன்னொரு நிமிடம் விட்டு வெட்டிவேர். 10:05-க்குள் முதல் சுற்று முடிந்தது. பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டைப்பையில் போட வேண்டாம். கால் மணியில் மூன்றும் ஒரே வாசனையாகிவிடும். தனித்தனிச் சின்ன ஜிப் கவரில் போடலாம், ஆனால் மூடிவிட்டால் ஆவியாவதும் நின்றுவிடும். மடிப்புப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வாயைத் திறந்தே வையுங்கள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியோடு. இப்போது வெளியே போய்விடுங்கள்.

10:20-க்குத் திரும்பி அதே மூன்றையும் அதே வரிசையில் ஒவ்வொரு மூச்சு. கொலோன் பாதி காலியாகியிருக்கும்; மிச்சம் இருப்பது பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. ரோஜா இப்போதுதான் முகம் காட்டும். முதலில் எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் இப்போதைய சொல்லை எழுதுங்கள். இரண்டு சொல்லும் ஒன்றாகவே இருந்தால் ஒன்று அந்த சென்ட் மாறாதது, இல்லை நீங்கள் மூக்கால் மோக்காமல் ஞாபகத்தால் மோக்கிறீர்கள். 10:25-க்கு இரண்டாம் சுற்றின் மூன்றையும் அடித்து அதே மாதிரி. 10:30-க்கு மறுபடி வெளியே. 10:50-க்கு ஆறையும் வரிசையாகப் பார்க்கும்போது முதல் மூன்றுக்கு ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும், பின் மூன்றுக்கு இருபத்தைந்து. ஒன்றரை மணிநேரத்துக்குள் வேலை முடிகிறது. அதில் மூக்கு உண்மையில் உழைத்தது எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இருக்காது.

இந்த ஆறைத் தாண்டி ஏழாவதற்குப் போக மனம் இழுக்கும். போகலாமா என்று மூக்கைக் கேட்காதீர்கள், பழகிய ஒரு வாசனையைக் கேளுங்கள். சோர்ந்த மூக்குக்குத் தான் சோர்ந்தது தெரியாது. எல்லா சென்ட்டும் 'கொஞ்சம் சுமார்' என்றுதான் அது சொல்லும். பழியைச் சென்ட்மேல் போட்டுவிடும். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனையை, வீட்டில் பழகிய சோப்பின் ஒரு சீவலை, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். தொடங்கும்போது ஒரு மூச்சு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு மூச்சு. அது தொடக்கத்தில் இருந்ததைவிட மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடலாம். அதற்குப் பிறகு எடுக்கும் எந்த முடிவும் வெறும் பெயரையும் பாட்டிலையும் பார்த்து எடுப்பதுதான்.

கடைசியில் இரண்டு மிஞ்சி, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று குழம்பினால் அதற்கும் ஒரு வழி உண்டு. மூன்று பட்டை எடுத்து, இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் அடித்து, பெயர் தெரியாமல் கலைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தனியாக நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். புதுப் பட்டைகளோடு, நடுவில் ஐந்து நிமிடம் விட்டு மூன்று தடவை செய்து மூன்றும் சரி என்றால், அதிர்ஷ்டத்துக்கு இருபத்தேழில் ஒரு வாய்ப்புதான். தவறவிட்டால் ஒன்று மூக்கு ஓய்ந்துவிட்டது, அல்லது அந்த இரண்டுக்கும் உங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. இரண்டாவதாக இருந்தால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

தோல்

பட்டையில் தேறிய ஒன்றோ இரண்டோதான் தோலுக்குப் போக வேண்டும். பட்டை அறையின் வெப்பத்தில் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரி. தோலில் எல்லாம் சீக்கிரம் கிளம்பும், பட்டையில் கால் மணி நிற்கும் மேல்தட்டு தோலில் இன்னும் வேகமாகப் போகும். தோலின் எண்ணெய்ப் பசை சில பொருள்களைப் பிடித்தும் வைக்கும். அதனால் பட்டையில் பார்த்தது பொய் இல்லை, ஆனால் அதன் வேகம் வேறு. ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒன்று, அதற்கு மேல் வேண்டுமானால் முழங்கை மடிப்பில் ஒன்று. ஆனால் ஒரு மடிப்பையாவது வெறுமையாக விடுங்கள். ஓய்வுக்கு மோந்து பார்க்க அது வேண்டும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கக் கூடாது என்பதற்கு 'மூலக்கூறு உடைந்துவிடும்' என்று காரணம் சொல்வார்கள். தேய்ப்பதில் எந்த மூலக்கூறும் உடையாது. தேய்த்தால் சென்ட் மெல்லிய படலமாகப் பரவி, சூடும் ஏறி, மேல்தட்டு அவசரமாகப் பறந்துவிடும். இரண்டு கையில் இரண்டு சென்ட் என்றால் கலந்தும்விடும். காரணம் தவறு என்றாலும் அறிவுரை சரி.

தோலில் அடித்துக்கொண்டு உடனே வாங்காமல் வெளியே போய், ஒரு மணிநேரம், மூன்று மணிநேரம், சாயங்காலம் என்று மூன்று தடவை பாருங்கள். நடுவில் கையை அடிக்கடி மூக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். கை உங்களுடையது என்பதால் அந்த வாசனை நாள் முழுக்க உங்களைச் சுற்றியே இருக்கிறது. மற்ற எதற்கும் முன்னால் மூக்கு பழகுவது இதற்குத்தான். சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை என்றால் சென்ட் போய்விட்டதாகத்தான் தோன்றும். அடுத்தவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். காலையில் அளவாக அடித்தவர் மத்தியானம் மேலும் நாலு அழுத்தல் அடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரைத் தும்ம வைப்பது இந்தத் தவறான முடிவால்தான்.

சோர்வா, இல்லாமையா

மேலே சொன்ன ஆறில் வெள்ளைக் கஸ்தூரிதான் அதிகம் ஏமாற்றும். பட்டையில் அடித்ததும் ஏதோ துவைத்த துணி மாதிரித் தெரியும். அடுத்த மூச்சில் ஒன்றும் இருக்காது. காப்பி மோந்தாலும் வராது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் தீர்வு வேறு.

முதலாவது, கடைக்கு வரும் முன்பே நீங்கள் அதற்குப் பழகிவிட்டிருக்கலாம். துணி சோப்பிலும் துணி மென்மையாக்கியிலும் கலாக்ஸோலைட் என்ற கஸ்தூரி வகை பரவலாகப் பயன்படுகிறது. காலையில் போட்ட சட்டையே கஸ்தூரி சட்டை என்றால் கடையில் கஸ்தூரி எடுபடாது. சென்ட் பார்க்கப் போகும் நாளுக்கு முன்பே ஒரு சட்டையை வாசனை இல்லாத சோப்பில் துவைத்து வைப்பதும், அன்று ஷாம்பு, டியோடரண்ட், கை கிரீம் எல்லாவற்றையும் வாசனை இல்லாமல் பார்த்துக்கொள்வதும் காப்பிக்கொட்டை ஒரு மூட்டையைவிடப் பயன் தரும்.

இரண்டாவது, அந்த மூலக்கூறுக்கான உணர்வி உங்களிடம் பலவீனமாகவே இருக்கலாம். மற்றதெல்லாம் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட பொருள் மட்டும் தெரியாமல் போவது அபூர்வம் இல்லை. கஸ்தூரி வகைகளில் இது நிறைய. ஐசோ ஈ சூப்பர் என்ற மரவாசனைப் பொருளும் அப்படித்தான். சிலருக்கு வந்து வந்து போகும், சிலருக்கு எட்டவே எட்டாது. வயலட் பூவின் பீட்டா-அயனோன் சிலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணமான மரபணுவையே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓஆர்5ஏ1 என்று பெயர்.

எது என்று பிரித்தறிய, அந்தப் பட்டையை மடித்துத் தனிக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கஸ்தூரி எங்கும் போகாது, மறுநாளும் பட்டையில் இருக்கும். காலையில் எழுந்ததும், சோப்பையும் பேஸ்ட்டையும் தொடுவதற்கு முன், ஒரு மூச்சு. மணந்தால் நேற்று தெரியாமல் போனது சோர்வு. மணக்கவில்லை என்றால் வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். அவர் "ம், துவைச்ச துணி வாசனை" என்று உடனே சொன்னால், அந்த சென்ட்டை நீங்கள் வாங்கினாலும் அனுபவிக்கப் போவது அவர்தான்.